ஆறாம் நம்பர் மெஷினும் நாலு வரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான். பிறகு நடுவில் யாராவது கண்டுபிடித்து, "அடிப்பாவி, நீயா!" என்று வாயைப் பிளப்பதை என்னால் தாங்க முடியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய 'என்னைப் பற்றி' கட்டுரையாக அதை எழுதினேன். "சிறு வயது முதலே அறிவியல் என்னை வெகுவாக ஈர்த்தது" என்று தொடங்கும். நடுவில் தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை, விடாமுயற்சி மூன்றும் வரும். கடைசியில் சமுதாயத்துக்குப் பங்களிப்பேன் என்று முடியும். எனக்கு உயிர்வேதியியலில் இடம் கிடைத்தது. அவ்வளவுதான், கட்டுரை ராசியான கட்டுரை ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் சைக்கிள், ஸ்வெட்டர், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கு இறங்கி வரும். கட்டுரையும் அப்படியே இறங்கியது. பெரியப்பா மகன் 'உயிர்வேதியியல்' என்ற இடத்தில் பொறியியலைப் போட்டுக்கொண்டான். மாமா மகள் மருந்தியலைப் போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் இடம் கிடைத்தது. எனக்குள் ஒரு கர்வம், இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வருஷம் என் தங்கையின் முறை. பதினேழு வயதாகியும் வீட்டில் எல்லாருக்கும் அவள் வாண்டுதான். புள்ளியியல் படிக்க ஆசை. அவள் விரும்பிய பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்கு முப்பதே இடம். மதிப்பெண் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், கட்டுரையைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். வாண்டு பரீட்சைக்குப் படிக்கிற அவசரத்தில் மாமா மகளிடமிருந்து கட்டுரையை வாங்கி, கம்ப்யூட்டரில் 'மருந்து', 'மருந்தியல்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'புள்ளியியல்' வரும்படி ஒரே தட்டில் மாற்றி, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மேற்படிப்பு ஆலோசகர் பேசினார். "கட்டுரை விஷயமாப் பேசணும், வீட்டுலேருந்து யாராவது வாங்க" என்றார்.

அப்பாவும் அம்மாவும் கடையை விட்டு நகர முடியாது. எங்களுடையது சலவைக் கடை. எட்டு வாஷிங் மெஷின், ஐந்து டிரையர், துணி மடிக்க ஒரு நீளமான மேஜை. நான் மூன்றாம் நம்பர் டிரையரில் ஓடிக்கொண்டிருந்த துணியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆலோசகரின் அறை பீரோ அளவுக்கு இருந்தது. பாதி இடத்தைக் காகிதம் அடைத்திருந்தது. அந்த அம்மா கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கீழே வைத்தார். வாண்டு ஏற்கெனவே மூலையில் குனிந்த தலையோடு நின்றிருந்தாள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாக் கட்டுரையையும் இங்கே சோதிச்சுப் பார்ப்போம். பழைய கட்டுரைகளோட ஒத்துப்போகுதான்னு. உங்க தங்கச்சியோடது, நாலு வருஷம் முன்னாடி இங்கே படிச்ச ஒரு பொண்ணோட கட்டுரையோட அறுபத்தெட்டு சதவீதம் ஒத்துப்போகுது. அப்படியே அனுப்பினா பல்கலைக்கழகத்துக்கும் இதே எச்சரிக்கை போகும். அப்புறம் இந்தப் பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"ஒரே குடும்பம் மேடம், கொஞ்சம் ஒரே மாதிரி இருக்கத்தானே செய்யும்" என்று சமாளித்தேன்.

"அப்படியா? இதைக் கொஞ்சம் படிங்க."

படித்தேன். 'நோயாளிகளுக்கு ஏற்படும் பக்கவிளைவுகளைப் புள்ளியியல் மூலம் குறைத்து, தரமான புள்ளியியலை மலிவான விலையில் ஏழைகளுக்கு வழங்குவதே என் லட்சியம்.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. ஆலோசகரும் சிரித்துவிட்டார். வாண்டு மட்டும் அழுதுவிடுவாள் போலிருந்தது. சட்டென்று எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த ஒரு வரி போனா மீதி நல்லாத்தானே இருக்கு மேடம்?" என்றேன். ஆசை யாரை விட்டது.

"மீதியா? ஒரு காரியம் பண்ணுங்க. ஒவ்வொரு வரியா எடுத்துக்குங்க. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை இதுக்குக் கீழே தன் பேரைப் போட்டா யாருக்காவது தெரியுமா? தெரியாதுன்னா அடிச்சிடுங்க."

ஒரு சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். பாருங்கள் அநியாயத்தை! என் கட்டுரையை என் கையாலேயே வெட்ட வேண்டும். 'சிறு வயது முதலே' போனது. தலைமைப் பண்பு போனது. விடாமுயற்சியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தேன். "யார்தான் விடாமுயற்சி இல்லைன்னு எழுதுவாங்க?" என்று ஆலோசகர் கேட்டதும் அதையும் அடித்தேன். அடித்து முடித்தபோது மிஞ்சியது ஒரே ஒரு வரி. அதை வாண்டு சேர்த்திருந்தாள். 'பள்ளி முடிந்ததும் பெற்றோரின் சலவைக் கடையில் உதவுவேன்.'

"இதுவும் பாதிதான். என்ன உதவி?" ஆலோசகர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"சும்மா... துணி மடிப்பேன். அப்புறம் சாக்ஸ் எண்ணுவேன்" என்றாள் வாண்டு தரையைப் பார்த்தபடி.

தலைக்கு மேலே இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "என்ன எண்ணுவே?"

வாண்டு சொல்லத் தொடங்கினாள். ஐந்து நிமிஷம் நிறுத்தவில்லை. தலை எப்போது நிமிர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. முடித்ததும் ஆலோசகர் என்னைப் பார்த்தார். "இதை விட்டுட்டு நோயாளிக்கு மருந்து கொடுக்கப் போயிருக்கீங்களே! வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள புதுசா வேணும். இடைவெளியும் சேர்த்து நாலாயிரம் எழுத்து. ஒண்ணு கூடினாலும் ஏத்துக்காது."

அந்தச் சாக்ஸ் கதையை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு நிரந்தரமாக ஒரு குறை. ஜோடியில் ஒரு சாக்ஸ் காணோம் என்பார்கள். போன வருஷம் வாண்டு மடிக்கும் மேஜையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். தேதி, மெஷின் நம்பர், காணாமல் போனது எத்தனை என்று பதினோரு வாரம் எழுதினாள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. அதில் ஆறாம் நம்பர் மெஷினில் மட்டும் ஐம்பத்தெட்டு! மற்ற ஏழு மெஷினிலும் சேர்த்து எண்பத்தைந்து. ஆறாம் நம்பர்தான் திருடன் என்று தீர்ப்பு எழுதி, 'இதில் சாக்ஸ் போடாதீர்கள்' என்று பலகையும் மாட்டிவிட்டாள். அதுதான் எங்கள் கடையிலேயே பெரிய மெஷின். அப்பா குதி குதியென்று குதித்தார். மெக்கானிக் வந்து ஒரு மதியம் முழுவதும் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஹேர்பின், இரண்டு பட்டன். சாக்ஸ் என்று ஒன்றுகூட இல்லை.

"பாப்பா, உன் திருடன் ரொம்ப நல்லவன்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஒருவருடைய போர்வை உறையை மடித்துக்கொண்டிருந்தேன். தடிப் போர்வைக்குப் போடுகிற உறை, தலையணை உறை மாதிரியே, ஆனால் கட்டில் அளவுக்கு இருக்கும். மூலையில் என்னவோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. உதறினேன். மூன்று சாக்ஸ் விழுந்தன, அதில் ஒன்று கைக்குழந்தையுடையது. "ஏய் வாண்டு, இங்கே வந்து உன் திருடனைப் பாரு!" என்று கத்தினேன்.

துவைக்கும்போது சாக்ஸ் உறையின் வாய் வழியாக உள்ளே போய் மூலையில் ஒளிந்துகொள்கிறது. போர்வை உறை சின்ன மெஷினில் கொள்ளாது, அதனால் எல்லாரும் ஆறாம் நம்பருக்குத்தான் வருவார்கள். மெஷின் மேல் தப்பே இல்லை. அதன் பிறகு வாண்டு நோட்டில் 'உறை உண்டா' என்று ஒரு கட்டம் கூட்டி, சாக்ஸ் தொலையாத சலவைகளையும் சேர்த்து இன்னும் ஐந்து வாரம் எழுதினாள். உறை இல்லாத சலவைகளில் ஆறாம் நம்பரும் மற்ற மெஷின்களைப் போலச் சாதுவாகத்தான் இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாலையில் மடிக்கும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். நான் மறுபக்கம் துண்டு மடித்தபடியே சிவப்புப் பேனா வேலை பார்த்தேன். "புள்ளியியல் மீது எனக்கு அளவற்ற ஆர்வம்" என்று எழுதினால், "பக்கத்து பெஞ்சு!" என்று கத்துவேன். அடித்துவிட்டு, 'பதினோரு வாரம் ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன்' என்று மாற்றினாள். கொஞ்ச நேரம் யோசித்து, 'காய்ச்சல் வந்த இரண்டு நாள் தவிர' என்று சேர்த்தாள். "என் பகுப்பாய்வுத் திறன்" என்பதை அடித்துவிட்டு, பலகை மாட்டியதையும் மெக்கானிக் வந்து ஹேர்பின் எடுத்ததையும் எழுதினாள்.

"ஏண்டி, தப்புப் பண்ணினதை எல்லாமா எழுதுவாங்க? இடம் கேக்குறியா, மன்னிப்புக் கேக்குறியா?" என்றாள் அம்மா.

"அந்தத் தப்புலதாம்மா நான் கத்துக்கிட்டேன். குறை சொன்னவங்களை மட்டும் எண்ணினேன். மொத்தம் எத்தனை தடவை துவைச்சாங்க, கூட என்ன துவைச்சாங்கன்னு எண்ணவே இல்லை."

வியாழக்கிழமை மாலை முழுதாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். படித்துக்கொண்டே வந்தேன், நன்றாகத்தான் இருந்தது. நடுவில் வந்ததும் நின்றுவிட்டேன்.

'பதினோரு வாரம் எண்ணியும் காரணம் எனக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்தது என் அக்கா. அவள் ஒரு போர்வை உறையை உதறியபோது மூன்று சாக்ஸ் விழுந்தன. காரணம் அவள் கையில் இருந்தது, எண்ணிக்கை என் நோட்டில் இருந்தது. இப்போதெல்லாம் எதையும் எண்ணத் தொடங்கும் முன் அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன்.'

"உனக்கு மூளை இருக்கா? இதுதான் கட்டுரைக்கே உயிர். அதைத் தூக்கி என் தலையில வெச்சிருக்கே! நீ கண்டுபிடிச்சதா எழுது. நான் என்ன கேஸா போடப் போறேன்?"

"நான் கண்டுபிடிக்கலையே."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நேர்ல கூப்பிட்டுக் கேட்டா முழிப்பேன்."

"முப்பது இடம்டி! எத்தனை பேர் முட்டி மோதுறாங்க. இந்த நேரத்துல அக்காவுக்கு மாலை போடணுமா?"

"அப்படி எழுதினா அதுவும் உன் கட்டுரை மாதிரி ஆயிடும்க்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம், சொன்னது சொன்னதுதான். நான் துண்டுகளை அப்படியே போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய், சோப்புப் பவுடர் மூட்டை மேல் உட்கார்ந்தேன். கோபம், கோபம், அப்படியொரு கோபம். ஆனால் யார் மேல் என்று பார்த்தால் அவள் மேல் இல்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் ஒரு வாத்தியார் எங்களிடம், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தால் என் கட்டுரைதான் வந்தது. சிறு வயது முதலே, வெகுவாக ஈர்த்தது. எனக்கு முன்னால் நான்கு பேர் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். உயிர்வேதியியல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். கடையை எனக்குப் பிடிக்கும், அதில் வருத்தம் இல்லை. ஆனால் இடம் கிடைத்த கதையைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். திரும்பி வந்த கதையை யாரும் சொல்ல மாட்டார்கள், நானும்தான். அந்தக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தது என்றால், அதற்குள் நான் இல்லவே இல்லை என்றுதானே அர்த்தம்? வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன், சோப்புப் பவுடர் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாண்டு பள்ளியிலிருந்து ஓடி வந்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டு போயாக வேண்டும். முந்தின நாளிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா.

"என் நாலு வரியை எடு. கணக்குச் சரியாயிடும்."

அவள் திரையைக் கீழே இறக்கிக்கொண்டே போய், அறிவியல் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கிய பத்தியை அப்படியே அழித்தாள்.

"ஐயையோ! பரிசைத் தூக்கிட்டுச் சாக்ஸை வெச்சிருக்காளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பரிசு வாங்கினது மதிப்பெண் பட்டியலோட போகுதும்மா. அக்கா வேற எதுலயும் இல்லை."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்த துண்டை மறுபடி மடித்தேன். நாலே முக்காலுக்கு ஆலோசகருக்குக் கட்டுரை போனது. ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவரிடமிருந்து பதில் வந்தது: 'அனுப்பியாயிற்று. ஒத்துப்போவது இரண்டு சதவீதம். அதுவும் நம் பள்ளியின் பெயர்தான்.'

ஐந்து வாரம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பிலேயே பேச வேண்டும். பின்னறையில் சோப்பு மூட்டைகளைப் படத்தில் தெரியாத பக்கம் தள்ளி இடம் செய்து கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று துணி மடித்தேன். மடிப்பதற்குத் துணியே இல்லை என்பது வேறு விஷயம்.

"உறை இல்லாத சலவை ஆறாம் நம்பர்ல எத்தனை?" ஒரு பேராசிரியர் அம்மாவின் குரல்.

"பத்தொன்பது மேடம்."

"அதை வெச்சு மெஷின் குற்றமில்லைன்னு சொல்லிட முடியுமா?"

ஆமாம் என்று சொல்லடி, சொல்லடி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"முடியாது மேடம். பத்தொன்பது ரொம்பக் கம்மி. சந்தேகம் பெரும்பாலும் போயிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லலாம். பலகையைக் கழட்ட அது போதும். உறுதியாச் சொல்ல இன்னும் எழுதணும், எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு ஒரு ஆண் குரல் சிரித்தபடி கேட்டது. "அக்கா அந்த உறையை உதறலேன்னா?"

"இன்னும் எண்ணிக்கிட்டே இருப்பேன் சார். பலகையும் மாட்டியே இருக்கும்."

"அக்கா இப்ப எங்கே?"

"கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கா சார்."

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்படியே ஆறாம் நம்பர் மெஷின் வரைக்கும் ஓடிப்போய் நின்றேன். முகம் டிரையர் கதவு மாதிரி சுட்டது. என்னைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நாலே வரியைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதர் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார்!

போன மாசம் வாண்டுக்கு இடம் கிடைத்தது. முப்பதில் ஒன்று. அப்பா அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆறாம் நம்பரை இலவசமாக ஓட்டவிட்டார், மெஷினிடம் வாண்டு சார்பில் அவர் கேட்ட மன்னிப்பாம். வாண்டு உறைகளுக்கென்று புதுப் பலகை எழுதி மாட்டினாள்: 'மடிக்கும் முன் உதறுங்கள்.'

மறுநாள் காலையிலேயே மாமாவிடமிருந்து போன். அவருடைய சின்ன மகன் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கப் போகிறான்.

"வாண்டு கலக்கிட்டாளாமே! ரொம்ப சந்தோஷம்மா. அந்தச் சாக்ஸ் கட்டுரையைக் கொஞ்சம் அனுப்பி வையேன். இவனும் அதையே வெச்சு, சலவைக் கடைக்குப் பதிலா வேற ஏதாவது போட்டுக்குவான்."

"பழசு வேணும்னா எடுத்துக்குங்க மாமா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். இது முடியாது."

"ஏம்மா, குடும்பத்துக்குள்ளதானே? என்ன கஞ்சத்தனம் இது?"

ஆறாம் நம்பர் சுழன்று முடித்து, கதவு க்ளிக் என்று திறந்துகொண்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உள்ளேயிருந்த உறையை வெளியே இழுத்தேன்.

"கஞ்சத்தனம் இல்லை மாமா. அதுல நான் இருக்கேன்."